76 சதவீதம் எங்கிருந்து வந்தது? மொரீசியஸ் ஹோட்டல் அறிக்கை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மொரீசியஸின் வடகரையில் 150 அறைகள் உள்ள ஒரு ஹோட்டல். 2024 தொடக்கத்தில், கடன் கொடுத்த வங்கிக்கும் பங்குதாரர்களுக்கும் அனுப்ப ஆண்டறிக்கை ஒன்றைத் தயாரித்திருந்தார்கள். அனுப்பும் முன் எண்களைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் வந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. முதல் காலாண்டில் விற்ற அறை இரவுகள், அதாவது ஓர் அறை ஓர் இரவுக்கு விற்றால் ஒன்று என்ற கணக்கு, முந்தைய ஆண்டைவிட 67% அதிகம். ஆக்குபன்சி, அதாவது விற்கக்கூடிய அறை இரவுகளில் விற்றவற்றின் பங்கு, 2019இல் இருந்த 76 சதவீதத்துக்கே திரும்பிவிட்டது. சராசரி அறை விலை 2019ஐவிட 22% கூடியிருக்கிறது.

மூன்று வரிகளையும் மூலக் கணக்கோடு ஒப்பிட்டேன். மூன்றும் சரியாக இருந்தன. கூட்டலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்திருப்பவர், ஹோட்டல் கோவிட்டுக்கு முந்தைய நிலையைத் தாண்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். அது உண்மையில்லை. பொய்யான எண் ஒன்றுகூட இல்லாமல் பொய்யான முடிவு எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹோட்டலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் எண்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றி, முழு எண்களாக்கியிருக்கிறேன். நாட்டளவிலான எண்கள் அனைவரும் பார்க்கக்கூடிய அரசுப் புள்ளிவிவரங்கள்.

முதலில் அந்த நாட்டளவு எண்களையே பார்ப்போம். மொரீசியஸுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 2018இல் 13 லட்சத்து 99 ஆயிரம் பேர், 2019இல் 13 லட்சத்து 83 ஆயிரம். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டது. 2021இல் வெறும் 1 லட்சத்து 80 ஆயிரம். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கு நாடு முழுமையாகத் திறந்தது. 2022இல் 9 லட்சத்து 97 ஆயிரம், 2023இல் 12 லட்சத்து 95 ஆயிரம், 2024இல் 13 லட்சத்து 82 ஆயிரம்.

இந்த ஆறு எண்களை மட்டும் வைத்து ஒருவர் “ஒரே ஆண்டில் ஐந்தரை மடங்கு” என்று எழுதலாம்; 2021ஐயும் 2022ஐயும் எடுத்தால் போதும். இன்னொருவர் “30% வளர்ச்சி” என்பார். அவர் எடுத்தது 2022, 2023. மூன்றாமவர் “வளர்ச்சி 7 சதவீதத்துக்குச் சரிந்தது” என்று கவலைப்படுவார். அவருடையது 2023, 2024. 2018ஐயும் 2024ஐயும் எடுத்தவருக்கோ, ஆறு ஆண்டுகளில் சுற்றுலா 1% குறைந்திருக்கிறது. எல்லோரும் ஒரே அட்டவணையிலிருந்துதான் எடுத்தார்கள். ஆகவே எந்த எண் சரி என்று கேட்பதில் பயனில்லை. தொடக்கத் தேதியை யார், எப்போது, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

ஹோட்டலின் 67 சதவீதத்துக்கு வருவோம். 2022 ஜனவரி முதல் மார்ச் வரை 6,100 அறை இரவுகள் விற்றிருந்தன. 2023இல் அதே மூன்று மாதங்களில் 10,200. வித்தியாசம் 67%தான். ஆனால் 2022இன் முதல் மாதங்கள் எப்படிப்பட்டவை என்று இந்தத் தீவில் ஹோட்டல் தொழிலில் இருக்கும் எவரும் மறந்திருக்க முடியாது. ஒமிக்ரான் பரவியபோது, 2021 டிசம்பரில், பிரான்ஸ் மொரீசியஸைத் தன் கடுமையான சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. நம் ஹோட்டல்களுக்குப் பெரிய சந்தை பிரான்சும், அதன் பகுதியான பக்கத்துத் தீவு ரெயூனியனும். கிறிஸ்துமஸுக்கும் அதை ஒட்டிய வாரங்களுக்கும் பதிவு செய்திருந்தவர்கள் வரிசையாக ரத்து செய்தார்கள். அந்தக் காலாண்டோடு ஒப்பிட்டால் எந்த ஹோட்டலும் வளர்ந்ததாகத்தான் தெரியும். 2019இன் முதல் காலாண்டில் இதே ஹோட்டல் 11,000 இரவுகள் விற்றிருந்தது. அதோடு வைத்துப் பார்த்தால் 10,200 என்பது 7% குறைவு.

அறிக்கையைத் தயாரித்தவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சில ஆண்டுகளாக அங்கே வேலை செய்யும் இளைஞர். நேரில் உட்கார்ந்து பேசினோம்.

“அண்ணா, முந்தின வருஷத்தோட ஒப்பிடுறதுதானே வழக்கம்? நான் ஒண்ணும் புதுசா பண்ணலையே” என்றார்.

“வழக்கம்தான் தம்பி. ஆனா பக்கத்திலேயே ஆக்குபன்சிக்கு மட்டும் 2019ஐ எடுத்திருக்கீங்களே, அது ஏன்?”

சற்று யோசித்துவிட்டு, “அது 2019தோடதான் நல்லா இருந்துச்சு” என்றார். மறைக்க நினைத்து அவர் எதையும் செய்யவில்லை. இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்திருக்கிறார். கண்ணுக்கு நிறைவாக இருந்ததை வைத்துக்கொண்டார். இந்தத் தவறு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. விடையைப் பார்த்த பிறகு காலத்தைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு நேர்மையானவர் கையும் நல்ல விடையின் பக்கம்தான் போகும். ஒரே பக்கத்தில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒவ்வொரு அடிப்படை ஆண்டு இருந்தால், அங்கே தேர்வு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அறிக்கையைப் படிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய தடயம் அது.

இதற்கு நான் செய்யும் சோதனை எளிது. தொடக்கத் தேதியை ஒருவரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லாதபடி, எல்லாத் தொடக்கத் தேதிகளையும் போட்டுப் பார்ப்பது. 2023 டிசம்பரோடு முடியும் 12 மாதக் கூட்டுத்தொகையை, அதற்கு முன் உள்ள ஒவ்வொரு 12 மாதக் கூட்டுத்தொகையோடும் ஒப்பிட வேண்டும். முழு 12 மாதம் எடுப்பதால் பருவகாலம் தானாகவே சமமாகிவிடும்; ஜூனை டிசம்பரோடு ஒப்பிடும் பிழை நேராது. மாதவாரி விற்பனைக் கோப்பு கையில் இருந்தால் நான்கைந்து வரிகள் போதும்:

```python
import pandas as pd

n = pd.read_csv("nights.csv", index_col="month", parse_dates=True)["sold"]
r12 = n.rolling(12).sum().dropna()
end = r12.loc["2023-12-01"]
print((end / r12 - 1).mul(100).round(1))
```

இந்த ஹோட்டலுக்கு வந்த விடை இது. 2023 முழுவதும் விற்றவை 37,400 இரவுகள். 2018இன் 42,300ஓடு ஒப்பிட்டால் 12% குறைவு. 2019இன் 41,610ஓடு ஒப்பிட்டால் 10% குறைவு. 2022இன் 30,200ஓடு ஒப்பிட்டால் 24% கூடுதல். எல்லை மூடியிருந்த மாதங்களைத் தொடும் வரிசைகளில் பல நூறு சதவீதம் என்று அபத்தமான எண்கள் வந்தன. இதை ஒரு கோடாக வரைந்தால் ஒரே பார்வையில் விளங்கும். கோவிட்டுக்கு முந்தைய எல்லாத் தொடக்கங்களும் குறைவையே காட்டுகின்றன. கோவிட் மாதங்கள் நிறைந்த தொடக்கங்கள் வளர்ச்சியைக் காட்டுகின்றன. ஒரு முடிவு எந்தத் தேதியை எடுத்தாலும் நிற்கிறதென்றால் அதைத் தலைப்பில் போடலாம். தேதியை மாற்றினால் குறியே மாறுகிறது என்றால் அந்த மாற்றத்தைத்தான் தலைப்பில் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஆக்குபன்சி. என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இதுதான். காலத்தைத் தேர்ந்தெடுத்தது வெளியே தெரியும். வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஒருவர் கண்ணுக்கும் படாது.

விற்ற இரவுகள் 10% குறைந்திருக்கின்றன. அப்படியிருக்க ஆக்குபன்சி மட்டும் அதே 76 சதவீதத்தில் எப்படி நிற்கும்? அறைகள் குறைந்திருந்தால்தான் முடியும். கேட்டபோது விவரம் வந்தது. 2023 மே முதல் ஆகஸ்ட் வரை 123 நாட்கள், 45 அறைகளைப் புதுப்பிப்பதற்காக மூடியிருந்தார்கள். இங்கே அது குளிர்காலம், மந்தமான பருவம். 45ஐ 123ஆல் பெருக்கினால் 5,535 அறை இரவுகள். 150 அறைகளுக்கு ஆண்டு முழுவதும் 54,750 இரவுகள். அதிலிருந்து 5,535ஐக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள 49,215ஆல் வகுத்திருக்கிறார்கள். 37,400ஐ 49,215ஆல் வகுத்தால் 76%. எதையும் கழிக்காமல் 54,750ஆல் வகுத்தால் 68%.

மூடிய அறையை எப்படி விற்க முடியும், அதைக் கழிப்பதுதானே நியாயம் என்று தோன்றலாம். ஹோட்டல் கணக்கில் சில வாரமோ சில மாதமோ பழுதுக்காக மூடிய அறைகளைப் பொதுவாகக் கழிப்பதில்லை. நீண்ட காலம் மூடிவைத்தால்தான் கழிப்பார்கள். காரணம் எளிமையானது. மந்தமான மாதங்களில் சில அறைகளைப் பூட்டிவிட்டுப் ‘பழுது’ என்று எழுதினால், எந்த ஹோட்டலும் தன் ஆக்குபன்சியை விருப்பம்போல் உயர்த்திக்கொள்ளலாம். இங்கே சிக்கல் அதைவிட நேரடியானது. 2019இலும் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. அந்த ஆண்டின் 76 சதவீதத்தில் எதையும் கழிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு விதமான வகுத்தல். ஒரே 76 என்பது தற்செயலான பொருத்தம்.

ஆனாலும் அந்த இளைஞர் கேட்ட எதிர்க்கேள்வி நியாயமானது: “அறை மூடியிருந்ததாலதான் விற்பனை குறைஞ்சிருக்கும் அண்ணா. அதையும் எங்க தலையில போட்டா எப்படி?” இதற்கு வாதத்தால் பதில் சொல்லக் கூடாது, கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூடிய அறைகளால் விற்பனை போயிருந்தால், திறந்திருந்த 105 அறைகளும் நிரம்பி வழிந்த இரவுகள் இருந்திருக்க வேண்டும். இரவு தணிக்கைப் பதிவில் அந்த 123 இரவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 105உம் முழுதாக நிரம்பியவை 9 இரவுகள் மட்டுமே. அந்த ஒன்பதிலும் 45 அறைகளும் விற்றிருக்கும் என்று வைத்தாலும் போனவை 405 இரவுகள்தான். இதில் ஓர் ஓட்டை உண்டு. பெரிய குழு ஒன்று 50 அறை கேட்டு, அவ்வளவு இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால், அந்த இரவு ‘நிரம்பிய இரவு’ என்று பதிவாகாது. அதனால் முன்பதிவுப் பிரிவில் மறுத்த கோரிக்கைகளின் பட்டியலைக் கேட்டோம். இரண்டு குழுக்கள், இரண்டும் சேர்த்து 300 இரவுகள் அளவு. மொத்தம் 700ஐ ஒட்டி. 2019ஓடு உள்ள பள்ளம் 4,210 இரவுகள். அதாவது அறை மூடியதால் விளக்க முடிவது அந்தப் பள்ளத்தில் ஆறில் ஒரு பங்கு. அந்த 700ஐயும் விற்றிருந்ததாகக் கூட்டினாலும் ஆக்குபன்சி 70 சதவீதத்தைத் தொடவில்லை.

இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். அறிக்கை தயாரித்தவர் பக்கத்து நியாயத்துக்கும் ஓர் எண் கிடைத்தது. அந்த எண்ணுக்கு எல்லை எது என்றும் தெரிந்தது. “புதுப்பிப்பு காரணம்” என்ற ஒற்றை வரியை எழுதிவிட்டுப் போயிருந்தால் இரண்டுமே கிடைத்திருக்காது.

மூன்றாவது, அறை விலை. 2019இல் சராசரி 6,000 மொரீசியஸ் ரூபாய், 2023இல் 7,350. 22% உயர்வு, உண்மை. ஆனால் இந்த ஹோட்டல் விலை வைப்பது யூரோவில். 2019இல் ஒரு யூரோ 40 ரூபாயை ஒட்டி இருந்தது. 2023இல் 49 ரூபாயை ஒட்டி. 6,000ஐ 40ஆல் வகுத்தாலும் 7,350ஐ 49ஆல் வகுத்தாலும் வருவது ஒரே 150 யூரோ. விலை ஒரு யூரோகூட ஏறவில்லை, ரூபாய்தான் இறங்கியிருக்கிறது. அறை வருமானம் ரூபாயில் 24 கோடியே 97 லட்சத்திலிருந்து 27 கோடியே 49 லட்சமாகக் கூடியது, 10% ஏற்றம். யூரோவில் 62 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 56 லட்சத்து 10 ஆயிரம், 10% இறக்கம். ஒரே பணம்தான், குறி மட்டும் மாறுகிறது.

நாட்டுக் கணக்கிலும் இதே கதையின் மிதமான வடிவத்தைக் காணலாம். சுற்றுலா வருவாய் 2019இல் சுமார் 6,300 கோடி ரூபாய், 2023இல் சுமார் 8,600 கோடி. ரூபாயில் 36% ஏற்றம். யூரோவில் கணக்கிட்டால் 11% அளவில் நிற்கும்.

எந்த நாணயத்தில் சொல்வது நேர்மை? பணம் எங்கே போகிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இந்த ஹோட்டலின் கடன் யூரோவில். தவணையும் வட்டியும் யூரோவில் கட்ட வேண்டும். ஆகவே வங்கிக்குப் போகும் அறிக்கையில் யூரோ வரி இல்லாமல் இருக்க முடியாது. சம்பளம் ரூபாயில், அந்த வகையில் ரூபாய் வருமானம் கூடியது ஹோட்டலுக்கு உண்மையான நன்மை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ரூபாய் வரியைக் காட்டும்போது விலைவாசியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மொரீசியஸில் பணவீக்கம் 2022இல் மட்டும் 10.8%, 2023இல் 7%. நான்கு ஆண்டுகளைச் சேர்த்தால் விலைவாசி கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கும்போது, 10% கூடிய வருமானம் கையில் குறைந்த வருமானம்தான்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு பொது மேலாளரிடம் பேசினோம். எண்களை அவர் மறுக்கவில்லை. “போட்டி ஹோட்டல்கள் எல்லாம் நல்லதைத்தானே முன்னால் வைக்கிறார்கள்?” என்று மட்டும் கேட்டார். வங்கியிடம் நாட்டின் வருகைக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, 2023இல் வருகை 2019ஐவிட 6% குறைவு என்று அவர்களுக்குத் தெரியும், நம்முடைய 76 சதவீதத்தைப் பார்த்தால் அவர்கள் முதலில் கேட்கப்போவது அறை எண்ணிக்கையைத்தான் என்றேன். தலைகளின் எண்ணிக்கையையும் அறை இரவுகளையும் நேராக ஒப்பிட முடியாது, தங்கும் நாட்கள் மாறும், ஹோட்டலில் தங்காதவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் முதல் பக்கத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்.

மாற்றிய முதல் பக்கத்தில் இந்தப் பத்தி வந்தது: “2023இல் 37,400 அறை இரவுகள் விற்றோம். இது 2022ஐவிட 24% அதிகம், 2019ஐவிட 10% குறைவு. 150 அறைகளின் மீதும் ஆக்குபன்சி 68% (2019இல் 76%). நான்கு மாதம் 45 அறைகள் மூடியிருந்தன. அதனால் இழந்தவை அதிகபட்சம் 700 இரவுகள் என்று மதிப்பிடுகிறோம். சராசரி விலை யூரோவில் மாறவில்லை. அறை வருமானம் ரூபாயில் 10% கூடியது, யூரோவில் 10% குறைந்தது.” அதன் கீழே 2018 முதல் 2023 வரை மாதவாரி வரைபடம் ஒன்று, கோவிட் காலத்தையும் வெட்டாமல். பழைய 67% இரண்டாம் பக்கத்துக்குப் போனது; 2022இன் முதல் காலாண்டு ஏன் அவ்வளவு தாழ்ந்திருந்தது என்ற விளக்கம் அதே வரியில் இருக்கிறது.

அடுத்த அறிக்கைக்கு விடை தெரிவதற்கு முன்பே முடிவுகளை எழுதி வைப்பது என்று அந்த இளைஞரும் நானும் தீர்மானித்தோம். ஒரே ஒரு தாளில், தேதி போட்டு, மேலாளர் கையெழுத்தோடு. அடிப்படை எப்போதும் 2018, 2019 இரண்டும், அத்துடன் முந்தைய ஆண்டு. ஆக்குபன்சி எப்போதும் 150ஆல். அறைகள் மூடியிருந்தால் அது தனி வரி. விலையும் வருமானமும் இரண்டு நாணயத்திலும். முந்தைய அறிக்கையில் இருந்த அளவீடு ஒன்றை எடுத்துவிட்டால், எடுத்தது ஏன் என்று அதே பக்கத்தில் ஒரு வரி. இந்தக் கடைசி விதியை வைத்ததற்குக் காரணம், சங்கடமான அளவீடுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் காணாமல் போகின்றன. இந்த ஹோட்டலின் முந்தைய அறிக்கையில் இருந்த ஓர் அறைக்கான வருமானம், அதாவது விற்காத அறையையும் சேர்த்து வகுத்தது, 2023 வரைவில் இல்லை. கணக்கிட்டுப் பார்த்தேன்: யூரோவில் 114இலிருந்து 102ஆக இறங்கியிருந்தது.

தாளின் கீழ்ப் பாதியில் 2024ஐப் பற்றி முன்கூட்டியே தெரிந்தவற்றை எழுதினோம். ஜனவரி நடுவில் பெலால் புயல் வந்தது; போர்ட் லூயி வெள்ளத்தில் மூழ்கியது. அந்த மாதம் குறைந்தாலும் அதை நீக்கக் கூடாது, குறிப்பு மட்டும் போட வேண்டும். பிப்ரவரியில் ஒரு நாள் கூடுதல், அதனால் ஒரு நாளைக்கான சராசரியைக் காட்ட வேண்டும். ஈஸ்டர் 2023இல் ஏப்ரல் 9, 2024இல் மார்ச் 31. ரெயூனியனிலிருந்து வருகிறவர்கள் இந்த முறை முதல் காலாண்டில் கூடுதலாகத் தெரிவார்கள், ஏப்ரலில் குறைவார்கள். எனவே காலாண்டு ஒப்பீடு எழுதும்போது மார்ச்சையும் ஏப்ரலையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தர வேண்டும். அந்தத் தாளை எழுதிய நாளில் மார்ச் மாத விற்பனை யாருக்கும் தெரியாது.